காது கேளாத பிள்ளைக்கு எந்தச் சோதனை? மூன்று பெட்டிகளும் ஒரு சேலைத் துண்டும்

போன ஆவணி மாதம் சாவகச்சேரிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளைக்கு ஏழு வயதும் நான்கு மாதமும். தாயின் கையில் ஒரு பிளாஸ்ரிக் கோவை. அதற்குள் செவிப்புலன் சோதனை அறிக்கை, காது மெஷின் வாங்கிய பற்றுச்சீட்டு, எல்லாவற்றுக்கும் அடியில் நாலாக மடித்த ஒற்றைத் தாள். அந்தத் தாளை வெளியே எடுக்கத்தான் அவருக்குக் கன நேரம் பிடித்தது.

"மிஸ், இவளுக்கு மூளை வளர்ச்சி காணாதெண்டு எழுதிக் குடுத்திட்டினம். ஆனா வீட்டில எனக்கு வலக்கை இவள்தான்."

தாளில் நுண்ணறிவு ஈவு 58 என்று இருந்தது. எந்தச் சோதனை, எந்த மொழியில், யார் விளங்கப்படுத்தினார்கள், ஒன்றும் இல்லை. விசாரித்துப் பார்த்தால், வாயால் கேட்டு வாயால் விடை வாங்கும் வழமையான சோதனைதான். சோதித்தவர் தமிழில் கேள்வியைச் சொல்ல, தாய் பிள்ளையின் காதுக்குக் கிட்டக் குனிந்து அதை உரக்கத் திருப்பிச் சொல்லியிருக்கிறார். பிள்ளைக்கு வலது காதில் 95 டெசிபல், இடது காதில் 90 டெசிபல் இழப்பு. மெஷின் போட்டதே ஐந்தரை வயதில். சைகைமொழி தெரியாது; வீட்டுக்குள் தாங்களாக உண்டாக்கிக்கொண்ட சைகைகள் ஒரு ஐம்பது இருக்கும். இந்தப் பிள்ளையிடம் ஆட்டுக்கும் மாட்டுக்கும் என்ன ஒற்றுமை என்று வாயால் கேட்டால், வருகிற இலக்கத்தில் பாதிக்கு மேல் காதின் கணக்குத்தான்.

இலக்கம் தாளோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அடுத்த தவணைக்குள் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று முடிவெடுக்க வேண்டும். ஊர்ப் பாடசாலையில் மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கான விசேட அலகு ஒன்று இருக்கிறது. கைதடியில் காது கேளாத பிள்ளைகள் சைகைமொழியோடு படிக்கும் நவீல்ட் பாடசாலை இருக்கிறது. 58 உண்மையென்றால் பேச்சு ஒரு திசையில் போகும். பொய்யென்றால், யோசிக்கக்கூடிய ஒரு பிள்ளையை மொழியே கிடைக்காத வகுப்பில் இருத்திவிடுவோம். ஆகவே மறுபடி சோதிக்க வேண்டும், பேச்சை நம்பாத சோதனையால். எதனால் என்பதுதான் கேள்வி.

1994இல் ஜெஃப்ரி பிரேடன் என்ற உளவியலாளர் காது கேளாதவர்களின் நுண்ணறிவு பற்றிய சில நூறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார். பேச்சு சாராத சோதனைகளில் அவர்களுடைய சராசரி 100க்குக் கிட்ட இருந்தது. பேச்சுச் சோதனைகளில் 85க்குக் கிட்டத்தான். ஒரே வகை ஆட்கள், ஆயுதம் மாறியவுடன் பத்துப் புள்ளிக்கு மேல் வித்தியாசம். அது கூட்டத்தின் சராசரி. மெஷின் பிந்திப் போட்ட, சைகையும் தெரியாத ஒரு தனிப் பிள்ளைக்கு வித்தியாசம் இதைவிடக் கனக்க இருக்கலாம்.

கையில் இருந்த வழிகளைப் பார்ப்போம். முதலாவது, எங்கள் பக்கத்தில் பலரும் செய்வது: வெக்ஸ்லர் சோதனையின் பழைய பதிப்புகளில் பேச்சுப் பகுதியை விட்டுவிட்டு, கட்டை அடுக்குதல், படத்தில் விடுபட்ட பகுதியைத் தெரிதல் போன்ற கைவேலைப் பகுதியை மட்டும் சைகை காட்டிச் செய்விப்பது. இரண்டாவது, ரேவனின் வண்ணப் படிநிலைச் சோதனை. மூன்றாவது, லைற்றர் சோதனையின் மூன்றாம் பதிப்பு. (சிகரெட் பற்றவைக்கும் லைற்றர் இல்லை, ரசல் லைற்றர் என்பவர் 1929இல் ஹவாயில் தொடங்கியது. பெட்டியை ஒருமுறை பஸ்ஸில் கொண்டுபோனபோது இந்த விளக்கத்தைச் சொல்ல வேண்டி வந்தது.) நான்காவது, நெதர்லாந்தில் நான் ஸ்னைடர்ஸ்-ஊமன் என்ற பெண் 1943இல், காது கேளாத பிள்ளைகளுக்கென்றே தொடங்கிய எஸ்.ஓ.என். சோதனை. ஓர் ஆளை வரையச் சொல்லி மார்க் போடும் முறையும் இன்னும் நடமாடுகிறது. ஏழு வயதுப் பிள்ளையின் படிப்பை முடிவுசெய்ய அதை நான் எடுப்பதில்லை. பென்சில் பிடித்துப் பழகிய பிள்ளையும் பழகாத பிள்ளையும் அதில் எக்கச்சக்கமாய் வேறுபடும்.

இந்த நான்கும் "பேச்சு வேண்டாத சோதனை" என்றுதான் பேசப்படுகின்றன. ஆனால் பெட்டியின் மூடியில் என்ன எழுதியிருக்கிறது என்பதை விட்டுவிட்டு, மொழி எந்த இடத்தில் ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டும். விடை சொல்வதற்குப் பேச்சு வேண்டாம் என்பது எளிதில் தெரியும். பிள்ளை சுட்டுகிறது, அல்லது கட்டையை வைக்கிறது. தெரியாமல் போவது அதற்கு முந்தின கட்டம்: என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைக்கு எப்படி விளங்கியது?

வெக்ஸ்லர் வழி விழுவது அங்கேதான். கட்டை அடுக்குவதற்குப் பேச்சு வேண்டாம். ஆனால் "சில பக்கங்கள் முழுச் சிவப்பு, சில முழு வெள்ளை, சில பாதி பாதி, இந்தப் படத்தில் இருப்பதுபோல் செய், எவ்வளவு கெதியாய்ச் செய்ய முடியுமோ அவ்வளவு கெதியாய்" என்பதை யாராவது சொல்ல வேண்டும். "கெதியாய்" என்பதைச் சைகையில் காட்டிப் பாருங்கள். கையை வேகமாக ஆட்டினால் பிள்ளை பயந்துபோய்க் கட்டையைப் போட்டுவிடும். நேரத்துக்குப் புள்ளி உள்ள சோதனையில், நேரம் எண்ணப்படுகிறது என்றே தெரியாத பிள்ளை ஆறுதலாக, வடிவாக அடுக்கிவிட்டுப் புள்ளியை இழக்கும்.

இன்னொன்று, கண். கேட்கிற பிள்ளைக்கு நான் சொல்வது காதால் போகும், அதேநேரம் அதன் கண் என் கையைப் பார்க்கும். காது கேளாத பிள்ளைக்கு இரண்டு வேலைக்கும் ஒரே சோடிக் கண்தான். நான் பேசிக்கொண்டே படத்தைச் சுட்டினால், என் முகத்தைப் பார்த்த பிள்ளை படத்தைத் தவறவிடும். படத்தைப் பார்த்தது முகத்தைத் தவறவிடும். ஆகவே முதலில் முகம், பிறகு ஒரு இடைவெளி, பிறகு படம், மறுபடி முகம். கைவேலைப் பகுதியை அவசரமாகச் செய்விப்பவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். ஒன்றும் விளங்காத பிள்ளை என்ன செய்யும் தெரியுமோ? தலையாட்டும். காது கேளாத பிள்ளைகளுக்குப் பெரியவர்களைச் சமாளிக்கத் தெரிந்த முதல் வித்தை அது. தலையாட்டலை நான் விடையாக எடுப்பதேயில்லை.

இதை எழுதும்போது என்னுடைய பழைய பிழை ஒன்று ஞாபகம் வருகிறது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பையனை யன்னலுக்கு எதிரே இருத்திச் சோதித்தேன். என் முதுகுக்குப் பின்னால் யன்னல், காலை பத்து மணி வெயில். அவனுக்கு என் முகம் வெறும் கறுப்பு உருவமாகத் தெரிந்திருக்கும். உதட்டையும் முகபாவத்தையும் பார்த்துத்தான் அவன் உலகத்தை விளங்கிக்கொள்கிறான். அதையே நான் மறைத்துவிட்டு, "கவனக்குறைவு" என்று அறிக்கையில் எழுதினேன். மூன்று மாதம் கழித்து வேறொருவர் வேறு அறையில் செய்தபோது அந்தக் கவனக்குறைவு காணாமல் போயிருந்தது. இப்போது கதிரையைப் போடுவதற்கு முதல் வெளிச்சத்தைப் பார்க்கிறேன்: என் முகத்தில் விழ வேண்டும், பிள்ளையின் கண்ணில் விழக்கூடாது.

சரி, ரேவன். மெல்லிய புத்தகம், 36 கேள்விகள், ஏ, ஏபி, பி என்று 12, 12, 12ஆக மூன்று தொகுதி. ஐந்திலிருந்து பதினொரு வயதுவரைக்கும் பொருந்தும். மேலே ஒரு வண்ணக் கோலம், அதில் ஒரு துண்டு வெட்டி எடுக்கப்பட்டிருக்கும். கீழே ஆறு துண்டுகள். பொருந்துகிறதைச் சுட்ட வேண்டும். நேரக் கணக்கு இல்லை. விளங்கப்படுத்துவதும் சுலபம், முதல் கேள்வியையே பழக்குவதற்குப் பாவிக்கலாம். விலையும் மற்றப் பெட்டிகளோடு பார்த்தால் எத்தனையோ மடங்கு குறைவு. ஒரேயொரு சாதனம்தான் வாங்க முடியும் என்று ஒரு பாடசாலை கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. ஆறில் ஒன்றைச் சுட்ட வேண்டும் என்பதால், படத்தையே பார்க்காமல் சுட்டிக்கொண்டு போகிற பிள்ளைக்கும் 36இல் ஆறளவு கிடைக்கும். எட்டு, ஒன்பது என்று வந்த புள்ளியை "மிகக் குறைந்த திறன்" என்று எழுதுகிறார்கள். அதில் பெரும்பங்கு குருட்டு அதிர்ஷ்டமாக இருக்கலாம். பிள்ளைக்கு விளையாட்டே விளங்கவில்லை என்பதுதான் அதன் பொருள். ஆகவே மொத்தத்தைப் பார்ப்பதற்கு முதல், பிள்ளை எதைச் சுட்டியது என்று கேள்வி கேள்வியாகப் பார்க்க வேண்டும். ஒரே மூலையைத் திரும்பத் திரும்பச் சுட்டியிருந்தால் அது பழக்கம், யோசனை கிடையாது. உண்மையாக யோசித்த பிள்ளைக்கு ஏ தொகுதியில் கூடவும், ஏபியில் குறையவும், பியில் இன்னும் குறையவும் வரும். சுலபமான ஏயில் நாலும் கடினமான பியில் ஏழும் எடுத்திருந்தால், மொத்தம் எதுவாக இருந்தாலும் அந்தத் தாளை நான் நம்பமாட்டேன். கைநூலிலேயே ஒவ்வொரு மொத்தத்துக்கும் தொகுதிகள் எப்படிப் பிரிய வேண்டும் என்று அட்டவணை இருக்கிறது. அதைத் திறப்பவர்கள் குறைவு.

எங்கள் சாவகச்சேரிப் பிள்ளையும் அப்படித்தான் தொடங்கினாள். முதல் கேள்விக்குக் கீழ்வரிசை வலது மூலை. அடுத்ததற்கும் அதே மூலை. சுட்டிவிட்டுப் புத்தகத்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தாள், சரியா என்று கேட்கும் பார்வை. மூன்றாவதும் அதே மூலை. நாலாவதோடு புத்தகத்தை மூடிவிட்டேன்.

என் லாச்சியில் ஒரு பழைய பூப்போட்ட சேலைத் துண்டு இருக்கிறது, ஒரு சாண் அளவு, நடுவில் சதுரமாக ஒரு ஓட்டை. அதோடு நாலு துண்டுகள்: ஒன்று அந்த ஓட்டையில் வெட்டியதே, மற்றவை வேறு சேலைகளில் வெட்டியவை. சேலையை மேசையில் விரித்து, ஓட்டையை விரலால் தடவிக் காட்டி, முகத்தைச் சுழித்து, "ஐயோ" என்று கையை விரித்தேன். பிறகு நீலத் துண்டை வைத்துப் பார்த்தேன். தலையை ஆட்டி எடுத்துவிட்டேன். பச்சையை வைத்தேன், எடுத்தேன். மூன்றாவதை எடுக்க நான் கையை நீட்டுவதற்குள் அவள் சரியான துண்டைப் பறித்து ஓட்டையில் வைத்து, பூவின் காம்பு மற்றப் பக்கக் காம்போடு சேர்கிறதா என்று விரலால் நீவிப் பார்த்தாள். அந்த நீவலுக்குப் பிறகு எனக்கு 58இல் கொஞ்சமும் நம்பிக்கை இருக்கவில்லை. ஆனால் நீவலுக்கு மார்க் கிடையாது. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்கினோம். சோதனைக்கு வெளியே உள்ள பொருளால் விளையாட்டைப் பழக்குவது பிழையில்லை. சோதனைக் கேள்வியின் விடையைப் பழக்குவதுதான் பிழை. இடையில் நிறுத்தியதையும் சேலைத் துண்டையும் அறிக்கையில் எழுதி வைத்தேன்.

இரண்டாம் தடவை: ஏ 9, ஏபி 6, பி 4. மொத்தம் 19. இறங்குகிற ஒழுங்கு சரி. சுட்டிய இடங்களும் பரவலாக இருந்தன. அந்த வயதுப் பிள்ளைகளின் நடுப்பகுதியை ஒட்டி, சற்றுக் கீழே. மூளை வளர்ச்சி இல்லை என்று சொல்லத்தக்க இடத்துக்குக் கிட்டவும் இல்லை.

இதோடு நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ரேவன் பார்ப்பது ஒருவகை யோசனையைத்தான்: கோலத்தில் உள்ள ஒழுங்கைக் கண்டுபிடித்தல். ஒரு பிள்ளைக்கு "அறிவுசார் குறைபாடு இல்லை" என்று எழுதிக் கொடுப்பதென்றால், அதுவும் முன்னே ஒரு அறிக்கை மறுபக்கம் சொல்லியிருக்கும்போது, ஒரு சன்னலால் மட்டும் எட்டிப் பார்த்தது போதாது. அப்போதுதான் லைற்றரா எஸ்.ஓ.என்.ஆ என்ற கேள்வி வருகிறது.

லைற்றரில் சோதிப்பவர் வாயே திறப்பதில்லை. கையால், முகத்தால், பொருளை நகர்த்திக் காட்டித்தான் எல்லாம். பிள்ளையும் துண்டுகளைச் சட்டத்தில் வைத்தோ சுட்டியோதான் விடை தரும். மூன்று வயதிலிருந்து முதியவர் வரை செய்யலாம். 2013இல் வந்த மூன்றாம் பதிப்பில் யோசனைப் பகுதிக்கு நாலு உபசோதனைகள் போதும்: சிக்கலான படத்துக்குள் உருவத்தைத் தேடுதல், துண்டான உருவத்தை முழுதாக்குதல், இனம் பிரித்து ஒப்பிடுதல், வரிசையின் ஒழுங்கைத் தொடர்தல். இவற்றுக்கு அப்பால் கவனத்துக்கும் நினைவுக்கும் தனிப் பகுதி உண்டு. அது எனக்குப் பெரிய உபகாரம், ஏனென்றால் "யோசிக்க மாட்டுது" என்று ஆசிரியர் சொல்வது சிலவேளை "கவனிக்க மாட்டுது" என்பதாக இருக்கும்.

எஸ்.ஓ.என். இன்னும் அன்பான சோதனை. அதில் பிள்ளை ஒவ்வொரு விடையும் சொன்ன பிறகு சரியா பிழையா என்று சோதிப்பவர் காட்டிக்கொடுக்கலாம். பிழையென்றால் திருத்தியும் காட்டுவார். அது ஏமாற்றில்லை, அந்தச் சோதனையின் விதியே அது. அட்டவணைகளும் அப்படிச் செய்துதான் எடுக்கப்பட்டன. ஒவ்வொரு சுட்டலுக்கும் பிறகு என் முகத்தை ஏக்கத்தோடு பார்த்த எங்கள் பிள்ளை மாதிரிப் பிள்ளைகளுக்கு இது பெரிய நிம்மதி. லைற்றரிலும் ரேவனிலும் அந்த முகம் கல்லு மாதிரி இருக்க வேண்டும். இரண்டு மூன்று கல்லு முகத்துக்குப் பிறகு சில பிள்ளைகள் விட்டுவிடுவார்கள். சின்னப் பிள்ளைகளுக்கான பதிப்பு இரண்டு, இரண்டரை வயதிலேயே தொடங்குகிறது. நாலு வயதுக்குக் குறைந்த பிள்ளையென்றால் யோசிக்காமல் எஸ்.ஓ.என்.ஐத்தான் எடுப்பேன்.

இந்தப் பிள்ளைக்கு ஏன் லைற்றர்? ஒன்று, பெட்டி இரவலாகக் கிடைத்தது. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், யாழ்ப்பாணத்தில் தெரிவு பாதி நேரம் அப்படித்தான் நடக்கிறது. மற்றது, அவளுக்கு முறையான சைகைமொழி இல்லை. எந்த மொழியும் இல்லாத பிள்ளைக்கு மௌனச் சோதனை பொருந்தும். நவீல்டில் இரண்டு வருடம் படித்து நன்றாகச் சைகை பேசுகிற பிள்ளையென்றால் என் விருப்பம் மாறியிருக்கும். சைகை பேசுகிற பிள்ளைக்கு முன்னால் ஒருத்தி கையை வெறுமனே அசைத்து முகத்தைச் சுழித்துக்கொண்டிருந்தால், அது அவளிடம் ஏதோ கேட்கும், பதில் வராது, "இந்த மிஸ்ஸுக்கு என்ன பிடிச்சிருக்கு" என்று பார்க்கும். நீங்களும் தமிழ் தெரிந்த ஒருவரோடு மூன்று மணித்தியாலம் ஊமைக் கூத்து ஆடிப் பாருங்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு, சைகைமொழியிலேயே விளங்கப்படுத்தக்கூடிய எஸ்.ஓ.என். நல்லது.

சைகை தெரிந்த ஒரு ஆசிரியரை உரைபெயர்ப்புக்கு வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கவும் முடியாது. சைகைகள் பல, பொருளின் உருவத்தைக் கையில் காட்டுபவை. "வட்டமானவற்றை ஒன்றாக வை" என்பதைச் சைகையில் சொல்லும்போது கையே வட்டம் போட்டுக் காட்டினால், விடை அங்கேயே வெளிப்பட்டுவிடும். கேள்விகளை முதல் நாளே அவரோடு இருந்து பார்த்து, எந்தச் சைகை விடையைக் காட்டிக்கொடுக்கும் என்று குறித்துக்கொள்ள வேண்டும். தாயோ அம்மம்மாவோ அறைக்குள் இருந்தால் அவர்களுக்குப் பிள்ளைக்குப் பின்னால் கதிரை. இந்தப் பிள்ளையின் அம்மம்மா பின்னால் இருந்தும் தொண்டையைச் செருமினார், அதுவும் விடை பிழைக்கும்போது மட்டும். பிள்ளைக்குக் கேட்காது என்பதால் விட்டுவிட்டேன். ஆனால் பிள்ளை திரும்பிப் பார்க்கத் தொடங்கியதும் ஆச்சியை வெளியே மாமர நிழலுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

லைற்றர் செய்வதற்கு முதல் இன்னொரு காரியம். எல்லாமே கண்ணால் நடக்கிற சோதனை. காது கேளாமையோடு கண்ணையும் தாக்கும் நோய்கள் உண்டு. அஷர் நோயில் பெரும்பாலும் பிறவியிலேயே காதும், பின்னர் மெல்ல மெல்லப் பார்வையும் போகும். ஆகவே கண் பரிசோதனைத் தாள் இல்லாமல் தொடங்குவதில்லை. காது மெஷினின் பற்றரியையும் பார்க்க வேண்டும்: பேச்சு வேண்டாத சோதனைதான், ஆனால் இரைச்சல் போடுகிற மெஷின் காதுக்குள் இருந்தால் பிள்ளையின் கவனம் அங்கேதான்.

நாலு உபசோதனைகளில் வந்த புள்ளிகள்: உருவம் தேடுதல் 10, முழுதாக்குதல் 9, இனம் பிரித்தல் 8, வரிசை 10. இவை ஒவ்வொன்றிலும் பொதுவாகப் பிள்ளைகளின் சராசரி 10, பெரும்பாலான பிள்ளைகள் 7க்கும் 13க்கும் இடையில் வருவார்கள். சேர்த்துப் பார்த்தால் ஈவு 90களின் நடுவில். 58க்கும் இதற்கும் இடையில் சோதனை வழுவென்று தள்ளிவிட முடியாத தூரம். ரேவனும் இதே திசையில் சொன்னது. இரண்டு வெவ்வேறு ஆயுதம், ஒரே விடை.

ஆனால் ஒன்று கீழே போயிருந்தது. சோதிப்பவர் படங்களை ஒரு வரிசையில் தொட, பிள்ளை அதே வரிசையில் தொட வேண்டிய நினைவுப் பகுதியில் அவளுக்கு 6. இதை எடுத்துவைத்து "நினைவு பலவீனம்" என்று எழுதும் ஆசை வரும். எழுதக்கூடாது. நாங்கள் வரிசையை ஞாபகம் வைத்திருப்பதற்கு வாய்க்குள் "மீன், கதவு, குடை" என்று பெயர் சொல்லிக்கொள்கிறோம். பெயரே இல்லாத பிள்ளை எதைச் சொல்லிக்கொள்ளும்? வரிசையாக வருவதை நினைவில் வைப்பதில் காது கேளாத பிள்ளைகள் பின்தங்குவது பல காலமாகத் தெரிந்த விஷயம். பொருள்கள் எங்கே இருந்தன என்ற நினைவில் அப்படிப் பின்தங்குவதில்லை. அந்த 6ஐ நான் மொழி கிடைக்காததன் அடையாளமாக எழுதினேன்.

எந்தப் பெட்டியை எடுத்தாலும் ஒரு குறை பொது. என் மேசையில் உள்ள அட்டவணைகள் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் எடுக்கப்பட்டவை. காது கேளாத பிள்ளைகளுக்கென்றே தனி அட்டவணை உள்ள ஹிஸ்கி-நெப்ராஸ்கா சோதனை ஒன்று உண்டு. ஆனால் அதன் திருத்திய பதிப்பு 1966இல் வந்தது. பழைய அட்டவணை, புதிய பிள்ளையை உள்ளதைவிட உயர்த்திக் காட்டும். அதனால் நான் செய்வது: பக்கத்துப் பாடசாலையில் தரம் 2இல் படிக்கும் கேட்கிற பிள்ளைகள் முப்பது பேருக்கு ரேவனைச் செய்வித்து, பெயரில்லாமல் புள்ளிகளை ஒரு கொப்பியில் வைத்திருக்கிறேன். அது தராசு அல்ல, கைநிறை மட்டும். இந்தப் பிள்ளையின் 19 அந்தக் கொப்பியின் நடுவுக்குள் விழுந்தது. பிரித்தானிய அட்டவணை சொன்னதைவிட எனக்கு அது தெம்பு.

எல்லாக் குறைந்த புள்ளியும் பொய் என்றும் நினைக்க வேண்டாம். காதைக் கெடுத்த காரணமே மூளையையும் தொட்டிருக்கலாம்: மூளைக்காய்ச்சல், பிறந்தவுடன் வந்த கடும் மஞ்சள், குறைமாதம், கர்ப்பத்தில் வந்த கிருமித் தொற்று. சேலைத் துண்டை ஐந்து தரம் காட்டியும் ஓட்டைக்கும் துண்டுக்கும் தொடர்பு பிடிபடாத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அப்போது பார்க்க வேண்டியது அன்றாட வாழ்க்கை. தன் வயதுக்குரிய உடுப்பு, சாப்பாடு, குளிப்பு, கடை, ஆபத்து தெரிதல் இவற்றிலும் பிந்தியிருந்தால்தான் அறிவுசார் குறைபாடு என்று பேச முடியும்; சோதனைப் புள்ளி தனியே போதாது. இதைக் கேட்கும்போதும் பேச்சுத் தொடர்பான கேள்விகளைத் தனியே பிரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் காது மறுபடி கதவால் உள்ளே வந்துவிடும்.

"என்ன செய்வாள் வீட்டில?" என்று தாயிடம் கேட்டேன்.

"தேங்காய் துருவுவாள், தம்பியைக் குளிப்பாட்டுவாள். கடைக்கு நூறு ரூபா குடுத்துவிட்டால், மிச்சக் காசு குறைஞ்சா கடைக்காரனிட்டத் திரும்பிப் போய் நிப்பாள்."

நீவலுக்கு மார்க் இல்லை என்றேன், இதற்கு உண்டு. அறிக்கையில் அந்த வசனத்தை அப்படியே எழுதினேன்.

அறிக்கையில் 95 என்றோ 94 என்றோ ஒற்றை இலக்கம் போடவில்லை. "சராசரி எல்லைக்குள்" என்றும், எந்தச் சோதனை, எப்படி விளங்கப்படுத்தப்பட்டது, எங்கே நிறுத்தப்பட்டது என்றும் எழுதினேன். கடைசிப் பந்தியில் ஒரு எச்சரிக்கையும் சேர்க்க வேண்டியிருந்தது. இலக்கம் நல்லதாக வந்துவிட்டால் அதுவே பிள்ளைக்கு எதிராகவும் திரும்பும்: "புத்திசாலிதானே, ஊர்ப் பள்ளியில் பின்வாங்கில் இருத்தினால் தானாகப் பிடித்துக்கொள்வாள்" என்று. பேச்சு சாராத சோதனை, பிள்ளையால் கற்க முடியும் என்கிறது. பிள்ளையிடம் இப்போது எவ்வளவு மொழி இருக்கிறது என்று அது சொல்லாது. வாசிப்பு வருமா என்பதையும் அது அவ்வளவாகச் சொல்லாது. அந்தப் பிள்ளையிடம் அப்போது ஐம்பது வீட்டுச் சைகைகள்தான். ஆகவே கைதடி, சைகைமொழி, உடனே, என்று எழுதினேன்.

தாய் கேட்ட கடைசிக் கேள்வி: "அப்ப இனி ரெஸ்ற் வைக்கத் தேவையில்லையோ மிஸ்?"

தேவை, ஆனால் உடனே இல்லை. ஒன்பது வயதில், இரண்டு வருடம் சைகை படித்த பிறகு வரச் சொன்னேன். அப்போது ரேவனைத் திறக்கமாட்டேன், லைற்றரையும் திறக்கமாட்டேன். எஸ்.ஓ.என்.ஐச் சைகைமொழியில் செய்விக்க வேண்டும், அதற்கு இப்பொழுதே நவீல்டில் ஒரு ஆசிரியரோடு கதைத்து வைக்க வேண்டும். சேலைத் துண்டை மட்டும் அவள் கேட்டாள், கையை நீட்டி. கொடுக்கவில்லை. வேறொரு துண்டு வெட்டிக் கொடுத்தேன், ஓட்டை இல்லாதது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓட்டை எங்கே என்று விரலால் கேட்டாள்.